மத்திக் குழம்பும் மீன் எண்ணெய் மாத்திரையும்

மருந்துக்கடையில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவின் முகப்பில் பெரும்பாலும் 1000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாங்குபவர் ஒமேகா-3 தான் 1000 மி.கி. இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது எண்ணெயின் எடை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தால் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். சாதாரண மாத்திரைகளில் காணும் கணக்கு இதுதான். உடல் தேடும் சரக்கு இந்த இரண்டும் மட்டுமே. ஆக, ஒரு மாத்திரையில் கிடைப்பது 300 மி.கி.

நலமாக இருக்கும் பெரியவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து தினமும் 250 மி.கி. போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் அளவுகோல். இனி மீன் சந்தைக்கு வருவோம். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிற ஒருவர், இரண்டு நாள் மத்திக் குழம்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தென்கோடியில் இதையே சாளை என்பார்கள். மத்தியின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். நெய் வடியும் மாதமும் உண்டு, மெலிந்துபோகும் மாதமும் உண்டு. அதனால் கணக்கைக் குறைத்தே போடலாம். 100 கிராம் சதையில் ஒரு கிராம் என்றால் இரண்டு வேளைக்கு இரண்டு கிராம். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 285 மி.கி. தினம் ஒரு மாத்திரை போடுவதற்கு இது கிட்டத்தட்டச் சமம். குழம்புச் சட்டியில் இதோடு புரதமும் வைட்டமின் டி-யும் வருகின்றன. முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். இந்த மனிதருக்கு மாத்திரை தேவையில்லை.

மீன் தொடாதவர்களின் கதை வேறு. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பதும் ஒமேகா-3 தான், ஆனால் ஏ.எல்.ஏ. என்ற வேறு வகை. உடல் அதை இ.பி.ஏ.வாக மாற்றிக்கொள்ள வேண்டும்; அந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் ஏறக்குறைய 1.6 கிராம் ஏ.எல்.ஏ. இருக்கிறது. ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஏ.எல்.ஏ. அதிலேயே முடிந்துவிடும். ஆனால் நூற்றில் ஐந்து பங்கு மாறினாலும் கிடைக்கும் இ.பி.ஏ. 80 மி.கி. தான். டி.எச்.ஏ. வரைக்கும் போய்ச் சேருவது அதைவிடச் சொற்பம். குழந்தை பெறும் வயதுப் பெண்களின் உடல் மட்டும் இந்த வேலையைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்கிறது. ஒரு கைப்பிடி வால்நட்டில், அதாவது 28 கிராமில், ஏ.எல்.ஏ. இரண்டரை கிராம். அதற்கும் இதே வரம்புதான்.

ஆளிவிதையை முழுசாக விழுங்குவதில் பயனில்லை. தோல் கெட்டி, மெல்லாமல் போனால் விதை அப்படியே வெளியேறிவிடும். பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் பொடித்த அடுத்த கணமே காற்று தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் எண்ணெய் இதே ஆளிவிதையிலிருந்து வருவதுதான். காற்றுப்பட்டு இறுகுவதால்தான் அது வண்ணத்துக்கு உதவுகிறது. இட்லிப்பொடியோடு சேர்த்து அரைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்த ஆளிவிதையில் பெயின்ட் வாடை அடித்தால், கொட்டிவிடுவதே நல்லது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, குளிர்பெட்டியில் வைக்கலாம்.

உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தனியாக ஏதும் நன்மை உண்டா? தசைவலி குறையும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. வித்தியாசமே காணாதவையும் உண்டு. பலன் தெரிந்தவற்றில் பெரும்பாலும் தினமும் இரண்டு கிராம் அளவில், பல வாரங்கள் கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன மாத்திரையில் அது ஆறேழு. இதயத்துக்காகப் போடுபவர்கள் அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வைப் பார்க்க வேண்டும். 25,871 பேரிடம் நடத்தி, 2018-இல் முடிவு வெளியானது. மாத்திரை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இவற்றின் கூட்டுக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மீன் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் மட்டும் ஓரளவு பலன் தென்பட்டது.

அப்படியானால் மாத்திரை யாருக்கு? மீனே சாப்பிடாத ஒருவர் இ.பி.ஏ., டி.எச்.ஏ. வேண்டும் என்று நினைத்தால் கடற்பாசி வகை நுண்பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் இருக்கிறது. மீனுக்கே அந்தச் சத்து பாசியிலிருந்துதான் வருகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிக அதிகமானவர்களுக்கு மருத்துவர் நான்கு கிராம் வரை எழுதுவார். அது மருந்து, கடையில் தானாக வாங்கிப் போடுவதல்ல. அதிக அளவில் சிலருக்கு இதயத்துடிப்புத் தாளம் தப்பும் அபாயம் கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தால், ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பார்க்கலாம். லேசான மீன் மணம் இயல்பு. மூக்கைச் சுளிக்க வைக்கும் சிக்கு வாடை என்றால் எண்ணெய் கெட்டுவிட்டது.