இறால் ஒவ்வாமையும் ஸ்கேன் ஊசியும்

"இறால் சாப்பிட்டால் எனக்குத் தடிப்பு வரும். சி.டி. ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?" போடலாம். இறாலில் பெரும்பாலும் ஒவ்வாமை தருவது ட்ரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் அல்ல. அயோடின் நம் வீட்டு உப்பிலும் இருக்கிறது.

மருத்துவர் அறிய வேண்டியது, முன்பு இதே ஊசி போட்டபோது என்ன நடந்தது என்பதுதான். உடல் சூடாகி, வாயில் உலோகச் சுவை தட்டியிருந்தால் அது மருந்தின் இயல்பு. ஊசி போட்ட சற்று நேரத்தில் தடிப்பும் அரிப்பும் வந்திருந்தால் ஒவ்வாமை என்று கொள்வார்கள். அப்போது வேறொரு கான்ட்ராஸ்டுக்கு மாறலாம். சிலருக்கு ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரம் முன்பாக 50 மில்லிகிராம் பிரெட்னிசோன் மாத்திரையும் தருவார்கள். மூச்சுத்திணறலோ ரத்த அழுத்தச் சரிவோ வந்தவருக்கு மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. ஊசி தேவைப்படாத வேறு பரிசோதனையையே முதலில் தேடுவார்கள்.