மலைக் காபியும் கிடங்கு முடிவும்

சேர்வராயன் மலையில் உள்ள வெள்ளக்கடைக்கு ரயில் பாதை இல்லை. காபி லாரியில்தான் இறங்க வேண்டும். எனவே எந்த வாகனம் என்பதைவிட, சரக்கை எந்த நிலையில் ஏற்றுவது என்பதே இங்கு முக்கியக் கேள்வி.

10 டன் பழத்தில் ஏறத்தாழ 2 டன் உலர்ந்த பார்ச்மெண்ட் காபியே (ஓட்டோடு கூடிய கொட்டை) கிடைக்கும். பழமாகவே அனுப்பினால் வாடகை ஐந்து மடங்கு எடைக்கு. வழியிலேயே புளிக்கவும் தொடங்கும். ஆகவே தோலுரித்தல், உலர்த்தல் இரண்டும் தோட்டத்திலேயே நடக்கின்றன.

உலர்ந்தபின் கணக்கு மாறுகிறது. லாரி நிறையும்வரை காத்திருந்தால் கிலோவுக்கான வாடகை குறையும். ஆனால் மலைப் பனிமூட்டத்தில் கொட்டை மீண்டும் ஈரம் இழுக்கும். நிறம் வெளுக்கும், பூஞ்சை வாசம் வரும். விலை இறங்கினால் மிச்சப்பட்ட வாடகையால் பயனில்லை. அதனால் மலையில் சிறு கிடங்கும், நெடுநாள் இருப்புக்குச் சமவெளியில் உலர்ந்த கிடங்கும் பொருத்தமானவை.