மூணு தரத்துக்கு முன்னால்

விடியற்காலைக் காசிமேட்டு மீன் ஏலத்தில் விலைப்பட்டியல் கிடையாது. ஏலக்காரரின் குரல்தான் எல்லாம். நல்ல கூவலில் சரக்கும் நிபந்தனையும் முதலில், நிதானமாக வரும். உதாரணமாக: “சங்கரா ஒரு கூடை, ஐஸ் சேராது, ரொக்கம்!” வேகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“ஆயிரம்... ஆயிரம்... யாரு ஆயிரத்து நூறு?” கேட்டுவிட்ட விலை இரண்டு முறை, அடுத்த விலை ஒரு முறை. தொகை கடைசியில் விழுவதால் காதில் நிற்கிறது. 1,500-ல் கூட்டம் தயங்கினால் ஏற்றத்தை நூறிலிருந்து ஐம்பதாகக் குறைக்கலாம். அதையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

யாருமே கேட்காத விலையைக் கூவி ஏற்றுவது சாமர்த்தியம் அல்ல, மோசடி.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...” இங்கே இடைவெளி விட்டால்தான் இன்னொரு கை உயரும். “மூணு தரம்” சொன்ன பிறகு வரும் விலை செல்லாது.