வேலி ஏன் படிக்கட்டானது? கணினி ஒரு தசம எண்ணை எழுதிவைக்கும் விதம்

கிளிநொச்சியில் இருக்கும் சித்தியின் மகன் ஒரு நாள் கைபேசியில் படம் ஒன்றை அனுப்பினான். “அண்ணா, எங்கட மேற்கு வேலி ஏன் இப்பிடிப் படிக்கட்டு மாதிரி வந்திருக்கு?” என்று கீழே கேட்டிருந்தான்.

இடம்பெயர்ந்து திரும்பிய பல குடும்பங்களைப் போலவே சித்தி வீட்டாருக்கும் உறுதிப் பத்திரம் கையில் இருந்தது. எல்லைக்கற்கள்தான் நிலத்தில் இல்லை. நில அளவையாளரை அழைப்பதற்கு முன்னர், பக்கத்துக் காணிக்காரரும் ஒப்புக்கொண்ட வேலிக் கோட்டைத் தாங்களே ஒருமுறை குறித்துவைக்க விரும்பினார்கள். தெரிந்தவர் ஒருவர் சென்ரிமீற்றர் அளவு துல்லியம் தரும் ஜிபிஎஸ் கருவியோடு வந்து, நாற்பது மீற்றர் வேலியில் இரண்டு மீற்றருக்கு ஒரு புள்ளியாகப் பதிந்து கொடுத்தார். அந்தப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றி வரைந்தபோது நேர்கோடு வரவில்லை. ஏழெட்டுப் புள்ளிகள் வடக்கு நோக்கி நேராகப் போகின்றன; பிறகு திடீரெனக் கிழக்கே ஓர் எட்டு; மறுபடியும் நேராக வடக்கு. பார்த்த பக்கத்துக் காணிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கருவியில் பிழை இல்லை. பதிந்தவர் கை நடுங்கவும் இல்லை. எண்களைச் சேமித்த கோப்பில்தான் கோளாறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் அம்பிட்டியவில் என் வீட்டு மேசையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளிநொச்சியின் எண்கள் நீளமானவை. அம்பிட்டியவின் நெடுங்கோடு ஏறத்தாழ 80 பாகை 39 நிமிடம், தசமத்தில் 80.65. கையால் போட்டுப் பார்க்க இது வசதியான எண்.

கணினி இந்த 80.65 என்ற எண்ணை எப்படி எழுதிவைக்கிறது? இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் 1985இல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. அதற்கு முன்னர் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் போக்கில் எண்களை எழுதியது. ஒரே கணக்குக்கு இரண்டு கணினிகள் இரண்டு விடை தந்தன. பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான் இத்தரத்தை உருவாக்குவதில் முதன்மையானவர்.

இத்தரத்தின் சிறிய வடிவத்தில் ஓர் எண்ணுக்கு 32 பிட்டுகள் கிடைக்கின்றன. பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் இருக்கக்கூடிய ஒரு கட்டம். முதற் கட்டம் குறி: நேர் எண் என்றால் 0, மறை எண் என்றால் 1. அடுத்த 8 கட்டங்கள் அடுக்கு: புள்ளி எத்தனை இடம் நகர்ந்தது என்பதைச் சொல்பவை. மீதி 23 கட்டங்களில் எண்ணின் இலக்கங்கள் இருக்கும். இதை மன்டிசா என்பார்கள்.

இனி 80.65ஐ மாற்றுவோம். முழு எண்ணான 80 துவித எண்ணில் 1010000. அதாவது 64உம் 16உம். பின்னமான 0.65ஐ மாற்ற, அதைத் திரும்பத் திரும்ப 2ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கத்தை எடுத்து எழுதிவிட்டு, மிஞ்சும் பின்னத்தை மீண்டும் பெருக்க வேண்டும்.

```
0.65 × 2 = 1.30   →  1
0.30 × 2 = 0.60   →  0
0.60 × 2 = 1.20   →  1
0.20 × 2 = 0.40   →  0
0.40 × 2 = 0.80   →  0
0.80 × 2 = 1.60   →  1
0.60 × 2 = 1.20   →  1
```

ஏழாவது வரியைப் பாருங்கள். மூன்றாவது வரியில் இருந்த அதே 0.60 திரும்பி வந்துவிட்டது. இனி 1001, 1001 என்று முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.3333 என்று எழுதினால் எப்படி முடியாதோ, அப்படியே 0.65ஐத் துவிதத்தில் எழுதி முடிக்க முடியாது. நமக்கு இரண்டே இலக்கம் உள்ள எண், கணினிக்கு முடிவிலியாக நீள்கிறது. எங்காவது வெட்டியே ஆகவேண்டும்.

எங்கே வெட்டுவது? முதலில் முழு எண்ணையும் பின்னத்தையும் சேர்த்து எழுதி, புள்ளியை இடப்பக்கம் நகர்த்தி, முன்னால் ஒரேயொரு 1 மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும்.

```
1010000.101001100110011...
1.010000101001100110011... × 2^6
```

புள்ளி ஆறு இடம் நகர்ந்தது. ஆகவே அடுக்கு 6. தரத்தின்படி அதோடு 127ஐக் கூட்டி 133 என்று எழுதுகிறோம். 0.001 போன்ற சிறிய எண்களுக்கு அடுக்கு மறையாக வரும். 127ஐக் கூட்டிவிட்டால் அடுக்குக்குத் தனியாக ஒரு குறி வைக்கத் தேவையில்லை. 133 துவிதத்தில் 10000101.

முன்னால் நிற்கும் 1ஐ எழுதுவதே இல்லை. இவ்வாறு எழுதப்படும் எண்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்பதால், ஒரு கட்டம் மிச்சம். அதற்குப் பின்னால் வரும் 23 இலக்கங்களே மன்டிசா. 23ஆம் இடத்தில் வெட்டும்போது அடுத்து வருவது 1, அதற்குப் பின்னரும் 1கள் உண்டு. பாதிக்கு மேல் மிஞ்சுவதால் கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டுகிறோம். விடை இது:

```
0 10000101 01000010100110011001101
```

இதைத் திரும்பத் தசமத்துக்கு மாற்றினால் 80.65 வராது. 80.65000152587890625 வரும். வீட்டில் கணினி உள்ளவர்கள் பைதனில் சரிபார்க்கலாம்:

```python
import struct
b = struct.pack('>f', 80.65)
print(b.hex())
print(struct.unpack('>f', b)[0])
```

முதல் வரியில் 42a14ccd என்றும், இரண்டாவது வரியில் 80.6500015258789 என்றும் வரும். முதலாவது, நாம் மேலே எழுதிய 32 பிட்டுகளின் சுருக்க வடிவம்தான்.

ஆறாவது தசம இடத்தில் ஒரு சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் இது பாகை. அம்பிட்டியவில் நெடுங்கோட்டின் ஒரு பாகை நிலத்தில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். அப்படியானால் இந்த வித்தியாசம் 17 சென்ரிமீற்றர். கணினிக்குள் அம்பிட்டியப் புள்ளி ஒரு சாண் அளவு கிழக்கே நகர்ந்துவிட்டது.

இதைவிட முக்கியமானது, அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. மறைந்துள்ள 1ஐயும் சேர்த்தால் நம்மிடம் 24 பிட்டுகள். அதில் 80 என்ற முழு எண்ணே ஏழு பிட்டுகளைத் தின்றுவிடுகிறது. பின்னத்துக்கு மிஞ்சுவது 17. ஆகவே 2இன் 17ஆம் அடுக்கான 131072இல் ஒரு பங்குதான் இந்த வடிவத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய அடி. அது 0.00000763 பாகை, நிலத்தில் 84 சென்ரிமீற்றர். இரண்டு படிகளுக்கு நடுவே உள்ள எந்த நெடுங்கோட்டையும் இந்த 32 பிட்டுகளில் எழுதவே முடியாது. 64 பாகையிலிருந்து 128 பாகை வரை இந்த அடி மாறாது. எனவே இலங்கை முழுவதும், கொழும்பானாலும் கிளிநொச்சியானாலும், கிழக்கு மேற்காக இதே 84 சென்ரிமீற்றர் கட்டம்தான்.

வடக்கு தெற்காக நிலைமை வேறு. அம்பிட்டியவின் அகலக்கோடு 7 பாகையைச் சற்றுத் தாண்டியது. 7 சிறிய எண். மூன்று பிட்டுகள் போதும். பின்னத்துக்கு 21 மிஞ்சுகிறது. அடி 5 சென்ரிமீற்றர். 8 பாகையைத் தாண்டியதும் முழு எண்ணுக்கு நான்கு பிட்டுகள் வேண்டும். அடி இரட்டிப்பாகி 10 சென்ரிமீற்றர் ஆகிவிடும். வன்னியும் யாழ்ப்பாணமும் அந்தப் பக்கம் உள்ளவை. புள்ளி மிதக்கிறது என்று சொல்வதன் பொருள் இதுதான்: எண் பெரிதாகப் பெரிதாக அதன் நுணுக்கம் குறைந்துகொண்டே போகும்.

இப்போது தம்பி அனுப்பிய படத்துக்கு வருவோம். அவர்களின் வேலி வடக்கே போகும்போது மெல்லக் கிழக்கே சாய்கிறது. நாற்பது மீற்றரில் இரண்டு மீற்றர் சாய்வு. வடக்கு தெற்காக அடி சிறியது என்பதால் புள்ளிகள் ஒழுங்காக ஏறின. கிழக்கு மேற்காக 84 சென்ரிமீற்றருக்கு ஒரு நிலைதான் உண்டு என்பதால், நெடுங்கோட்டில் மூன்றே மூன்று வெவ்வேறு எண்கள் வந்திருந்தன. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் ஒவ்வொன்றும் 0.00000763. அதைக் கண்டதும் சந்தேகம் தீர்ந்தது. உங்களிடம் இப்படி ஒரு கோப்பு இருந்தால் இதையே செய்து பாருங்கள்: நெடுங்கோட்டு எண்களை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்தவற்றைக் கழியுங்கள். எல்லா வித்தியாசமும் இந்த எண்ணாகவோ அதன் மடங்காகவோ இருந்தால், உங்கள் காணி 32 பிட்டுக்குள் அடைபட்டிருக்கிறது.

ஒரு புள்ளி அதிகபட்சம் அரை அடி, அதாவது 42 சென்ரிமீற்றர் விலகலாம். நாற்பது மீற்றர் வேலி முழுவதும் அவ்வளவு விலகினால் கிட்டத்தட்ட 17 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு. பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்புக் காணிக்காரருக்கு இது சண்டைக்குப் போதுமான அளவு.

மருந்து எளிது. இதே தரத்தில் 64 பிட் வடிவம் ஒன்று உண்டு: குறிக்கு 1, அடுக்குக்கு 11, மன்டிசாவுக்கு 52. அதில் இலங்கையின் நெடுங்கோட்டுக்கான அடி ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 32 பிட்டில் ஒருமுறை வெட்டப்பட்ட எண்ணை 64 பிட்டுக்கு மாற்றினால், போன இலக்கங்கள் திரும்பி வராது. 80.65000152587890625 என்ற தவறான எண்தான் இன்னும் நேர்த்தியாகச் சேமிக்கப்படும். எண் நீளமாகத் தெரிவதால் துல்லியமானது என்று நம்பிவிடக் கூடாது.

தம்பிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. கருவி முதலில் எழுதிய எழுத்துக் கோப்பு, எட்டுத் தசம இடங்களோடு, அந்த அன்பரிடம் அழியாமல் இருந்தது. எட்டாம் இடம் என்பது நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு. அதை 64 பிட்டில் ஏற்றி வரைந்தபோது வேலி நேராக நின்றது. அந்தக் கோப்பு இல்லாதிருந்தால் மறுபடியும் போய் அளப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் பல மீற்றர் தவறக்கூடியது. அதில் எடுத்த புள்ளிகளுக்கு இந்த 84 சென்ரிமீற்றர் ஒரு பொருட்டல்ல. நல்ல கருவியால் அளந்ததும் எல்லை சட்டப்படி நிலைத்துவிடாது. உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடமே அதற்குச் சான்று. சித்தி வீட்டாரும் அவரைத்தான் அழைத்திருக்கிறார்கள். அவர் வரும்வரை பக்கத்துக் காணிக்காரருக்குக் காட்ட, நேரான கோடு ஒன்றும் அது முன்னர் ஏன் கோணலாக இருந்தது என்பதற்கான கணக்கும் தம்பியிடம் இருக்கின்றன. 0.65ஐ இரண்டால் பெருக்கிய அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.