ஐந்து பேரின் கையொப்பம்: நுண்கடன் ஒப்பந்தத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

கிழக்கிலங்கையில் நமது ஊர்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மூலம் நுண்கடன் பெற்ற சகோதரிகள் ஏராளம். ஆனால் அவர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்தவர்கள் மிகக் குறைவு. அது அவர்களின் குற்றமல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கின்றன. தமிழில் இருந்தாலும் சட்டப் புத்தகத்துத் தமிழ்தான். சென்டர் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்குள் ஐந்து பேரிடமும் கையொப்பம் வாங்கிக்கொண்டு அதிகாரி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் இப்படியான ஆவணங்களை என்னிடம் கொண்டு வருவார்கள். அண்மையில் ஐந்து பேர் கொண்ட குழுவொன்று தங்களது ஒப்பந்தத்தைச் சுருக்கித் தமிழில் எழுதித் தரும்படி கேட்டது. எட்டுப் பக்கம். வட்டி, கூட்டுப்பொறுப்பு, கடன் தவறுதல் என்ற மூன்று விடயங்களைத் தவிர மற்றவை பெரும்பாலும் சம்பிரதாயமானவை. அந்த மூன்றையும் இங்கே விளக்குகிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவும் ஏறத்தாழ இதே அச்சில்தான் இருக்கின்றன.

ஒவ்வொருவருக்கும் கடன் 60,000 ரூபா. வட்டி வருடத்துக்கு 25 வீதம், அதாவது 15,000 ரூபா. மொத்தம் 75,000 ரூபாவை 50 வாரங்களில் வாரத்துக்கு 1,500 ரூபா வீதம் கட்ட வேண்டும். கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘பிளாட்’ என்ற ஒரு சொல் இருக்கிறது. விடயம் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

பிளாட் வட்டி என்றால் முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை 60,000 ரூபாவுக்கே வட்டி கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்த 60,000 ரூபா ஒரு வருடம் முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். 25ஆவது வாரத்தில் முதலில் ஏறத்தாழப் பாதி திரும்பிப் போய்விட்டது. 45ஆவது வாரத்தில் சில ஆயிரங்கள்தான் மீதி. முழுக் காலத்துக்கும் சராசரி எடுத்தால் உங்கள் கையில் இருந்தது முப்பதாயிரத்துச் சொச்சம் மட்டுமே. அந்த முப்பதாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் 15,000 ரூபா வட்டி கட்டுகிறீர்கள். குறைந்து செல்லும் மீதியின் மீது வாரா வாரம் கணக்கிட்டுப் பார்த்தால் இந்தக் கடனின் வட்டி வருடத்துக்கு 47 வீதத்துக்கும் மேல்.

அது மட்டுமல்ல. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று 1,800 ரூபாவைக் கழித்துக்கொண்டு கையில் கொடுத்தது 58,200 ரூபா. தவணையோ 60,000 ரூபாவுக்கான தவணை. இதையும் சேர்த்தால் 54 வீதத்தைத் தொடுகிறது. 2018இல் நுண்கடன் பிரச்சினை நாடளாவிய ரீதியில் பேசுபொருளானதன் பின்னர் மத்திய வங்கி, உரிமம் பெற்ற நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை விதித்தது பலருக்கும் நினைவிருக்கும். “எங்களது 25 வீதம்தானே” என்று அதிகாரி சொல்லும்போது, 35 உடன் ஒப்பிட வேண்டியது 25ஐ அல்ல, இந்த 47ஐயும் 54ஐயும்தான். நிறுவனம் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். உரிமமே இல்லாமல் கடன் கொடுத்துத் திரிபவர்களும் இருக்கிறார்கள்.

வட்டி ஹராமா ஹலாலா என்ற விடயத்துக்குள் நான் போகவில்லை. அதைச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நமது பிரதேசங்களில் சில ஒப்பந்தங்களில் ‘வட்டி’ என்ற சொல்லே இல்லை. ‘சேவைக் கட்டணம்’, ‘இலாப வீதம்’ என்று எழுதியிருக்கும். கையில் வாங்கிய காசு எவ்வளவு, வாராந்தத் தவணை எவ்வளவு, எத்தனை வாரம் என்று மேலே காட்டிய முறையில் போட்டுப் பாருங்கள். பெயர் மாறினாலும் விடை மாறாது.

இனி கூட்டுப்பொறுப்பு. குழுவிலுள்ள சகோதரிகள் தவறாக விளங்கிக்கொண்டிருந்த வாசகம் இதுதான்: “கடன் பெறுவோர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர்.” ‘தனித்தனியாக’ என்றால் அவரவர் கடனுக்கு அவரவர் பொறுப்பு என்று ஒரு ராத்தா என்னிடம் விளக்கம் சொன்னார். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். சாதாரணத் தமிழில் அப்படித்தான் விளங்கும். சட்டத்தில் அதன் பொருள் நேர் எதிரானது. ஐந்து பேரின் முழுக் கடனையும் ஐவரில் எவரிடமும், அந்த ஒருவரிடம் மட்டுமேகூட, நிறுவனம் கேட்கலாம் என்பதே அதன் பொருள்.

ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். தையல் வேலை செய்யும் ஒருவர் 20 வாரம் கட்டிவிட்டு 21ஆவது வாரத்திலிருந்து கட்ட முடியாமல் போகிறார். ஒப்பந்தப்படி மீதி 30 தவணை, 45,000 ரூபா. மற்ற நால்வரும் இதைப் பங்கிட்டால் ஆளுக்கு 11,250 ரூபா. வாரக் கணக்கில் ஆளுக்கு 375 ரூபா கூடும். 1,500 கட்டியவர் 1,875 கட்ட வேண்டும். ஆனால் இப்படிப் பங்கிடுவது குழுவின் ஏற்பாடே தவிர, நிறுவனத்தின் கடமையல்ல. நால்வரில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருந்தால் அவரிடமே 45,000 ரூபாவையும் கேட்கலாம். கட்டியவர் பின்னர் மற்றவர்களிடம் அவர்களது பங்கைக் கோரலாம். அந்த வழக்கு அவருடைய தலையில்.

இரண்டாவது ஆளும் விழுந்தால் நிலைமை வேகமாக மோசமாகும். இருவரின் 3,000 ரூபாவை மூவர் சுமக்க வேண்டும். ஆளுக்கு 1,000 ரூபா கூடி, வாரத் தவணை 2,500 ஆகிவிடும். 1,500 ரூபாவுக்கே திண்டாடியவர் 2,500 கட்டுவாரா? குழுக்கள் ஒவ்வொருவராக அல்லாமல் மொத்தமாகச் சரிவதும், மூன்றாவது ஆள் வேறொரு நிறுவனத்தில் கடன் வாங்கி இங்கே கட்டத் தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. பிணையாளிகள் தமக்குச் சட்டம் வழங்கும் சலுகைகளை விட்டுக்கொடுப்பதாக அது சொல்கிறது. நமது நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. முதலாவது, “முதலில் கடன் வாங்கியவரிடம் போய் அறவிடுங்கள், முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்” என்று சொல்லும் உரிமை. இரண்டாவது, பல பிணையாளிகள் இருந்தால் “எனது பங்கை மட்டும் கேளுங்கள்” என்று சொல்லும் உரிமை. அந்த ஒரு வரியில் கையொப்பமிட்டதும் இரண்டும் போய்விடுகின்றன. கையொப்பத்துக்கு முன் இதை வெட்டித் தருமாறு கேட்கலாம், பெரும்பாலும் மறுப்பார்கள். மறுத்தாலும் எதில் கையொப்பமிடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

மூன்றாவது, கடன் தவறுதல். இந்த ஒப்பந்தத்தில் ஒரே ஒரு தவணை பிந்தினாலும் அது ‘தவறுகை’. அதன்பின் நிறுவனம் அறிவித்தல் கொடுத்து, மீதி முழுவதையும் ஒரேயடியாகக் கேட்கலாம். மேலே சொன்ன தையல்கார சகோதரியிடம் அப்படிக் கேட்கும் தொகை 45,000 ரூபா. ஆனால் அதற்குள் இன்னும் வராத 30 வாரங்களுக்கான வட்டியும் இருக்கிறது. ஒரு தவணையில் 1,200 முதல், 300 வட்டி என்பது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. அதன்படியே பார்த்தாலும் முதலில் மீதி 36,000 ரூபாதான். மற்ற 9,000 ரூபா எதிர்காலத்து வட்டி. கடனை இன்றே முடிக்கச் சொல்பவர்கள் நாளைய வட்டியையும் ஏன் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சில இடங்களில் குறைக்கிறார்கள். கேட்காதவருக்கு ஒருபோதும் குறைப்பதில்லை.

தாமதக் கட்டணத்திலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அது பிந்திய தவணைக்கா, மீதிக் கடன் முழுவதற்குமா? மாதம் 3 வீதம் என்றால், பிந்திய 1,500 ரூபாவுக்கு 45 ரூபா. 45,000 ரூபாவுக்கு 1,350 ரூபா. ஒப்பந்தத்தில் ‘நிலுவை’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டாவிட்டால் பொலிஸில் பிடித்துக் கொடுப்போம் என்று சொல்லப்படுவதாக அந்தச் சகோதரிகள் சொன்னார்கள். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றவியல் குற்றமல்ல, சிவில் விடயம். அதற்காகப் பொலிஸார் கைது செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து தையல் மெஷினையோ குளிர்சாதனப் பெட்டியையோ தூக்கிக்கொண்டு போக கடன் அதிகாரிக்கு அதிகாரமில்லை. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அதை நிறைவேற்ற பிஸ்கல் வர வேண்டும். பணம் கட்டும் வரை கூட்டத்திலிருந்து எவரையும் எழும்ப விடாத வழக்கம் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆனால் நீதிமன்றக் கடிதம் வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. கடனோடு சேர்த்து வாக்குறுதிப் பத்திரம் ஒன்றிலும் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். அதை வைத்துச் சுருக்கமான நடைமுறையில் வழக்குத் தொடரலாம். அதில் பிரதிவாதி குறித்த நாளுக்குள் அனுமதி பெற்றுத்தான் வாதாட முடியும். போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்துவிடும். தொகை எழுதாத வெற்றுப் பத்திரத்தில் மட்டும் எவரும் கையொப்பமிட வேண்டாம். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பாஸ் புத்தகத்தில் பதிவும் கையொப்பமும் வாங்கி, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தவறிய பிறகு நிறுவனம் நீட்டும் ‘மறுசீரமைப்பு’. அந்தத் தையல்கார சகோதரிக்கு வந்த யோசனை இது: பழைய மீதி 45,000 ரூபாவைப் புதுக் கடனாக மாற்றி, அதே 25 வீதம் பிளாட்டில் 50 வாரம். வாரத் தவணை 1,500இலிருந்து 1,125 ஆகக் குறைகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கட்ட வேண்டிய மொத்தம் 45,000இலிருந்து 56,250 ரூபாவாக ஏறிவிட்டது. அந்த 9,000 ரூபா எதிர்கால வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடுகிறது. நான் சொன்னது ஒன்றுதான்: புதுக் கடன் 45,000 ரூபாவிலிருந்து அல்ல, 36,000 ரூபாவிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படியானால் மொத்தம் 45,000. வாரத்துக்கு 900 ரூபா. புதிய பத்திரத்தில் மற்ற நால்வரின் கையொப்பமும் மீண்டும் தேவையா என்பதையும் கேட்கச் சொன்னேன். தேவை என்றால், நால்வரும் வேறொரு தொகைக்குப் புதிதாகப் பொறுப்பேற்கிறார்கள். பழைய பத்திரத்தை இரத்துச் செய்து கையில் வாங்காமல் அவர்கள் பேனாவைத் தொடக் கூடாது.