எழுபது லட்சம் லாபம் எங்கிருந்து வந்தது?

ஒரு பின்னலாடை நிறுவனம். மூன்று ஆண்டுகளில் அதன் லாபம் 45 லட்சம் ரூபாயிலிருந்து 70 லட்சமாக உயர்ந்திருக்கிறது. கணக்கைக் கொடுத்துவிட்டு வினாத்தாள் கேட்கிறது: “பொது அளவு அறிக்கையும் போக்குப் பகுப்பாய்வும் தயாரித்து, வழக்கத்துக்கு மாறான மாற்றங்களைச் சுட்டிக்காட்டிச் சுருக்கமாகக் கருத்துரைக்க.”

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் தொடங்கி பி.காம்., சி.ஏ. வரை இந்த வகைக் கேள்வி வருகிறது. அட்டவணையைப் பெரும்பாலோர் சரியாகப் போட்டுவிடுவார்கள். கருத்துரைக்க வேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம். ஒவ்வொரு வரியையும் எடுத்து ‘இது கூடியது, அது குறைந்தது’ என்று எழுதி இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். எந்த மாற்றம் இயல்பானது, எது கேள்வி கேட்க வேண்டியது என்று பிரித்துக் காட்டுவதைத்தான் வினா எதிர்பார்க்கிறது. பயிற்சிக்காக அமைத்த ஒரு கணக்கை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

| விவரம் (ரூ. லட்சத்தில்) | ஆண்டு 1 | ஆண்டு 2 | ஆண்டு 3 |
|---|---|---|---|
| விற்பனை வருவாய் | 500 | 600 | 700 |
| இதர வருமானம் | 5 | 6 | 28 |
| மூலப்பொருள் செலவு | 300 | 366 | 448 |
| பணியாளர் செலவு | 75 | 90 | 105 |
| வட்டி | 15 | 24 | 42 |
| தேய்மானம் | 20 | 24 | 28 |
| இதர செலவுகள் | 50 | 60 | 35 |
| வரிக்கு முந்தைய லாபம் | 45 | 42 | 70 |

இரண்டு அட்டவணை, இரண்டு கேள்வி

பொது அளவு அறிக்கையில் அந்தந்த ஆண்டின் விற்பனை வருவாயை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு தொகையும் அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறோம். நூறு ரூபாய்க்கு விற்றால் அதில் பஞ்சுக்கும் நூலுக்கும் எவ்வளவு போகிறது, கூலிக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதை அது சொல்லும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 100 என்று கொள்வது விற்பனை வருவாயை மட்டுமே. இதர வருமானத்தையும் கூட்டி மொத்த வருமானத்தை 100 என்று வைத்தால் எல்லாச் சதவீதமும் தவறிவிடும்.

போக்குப் பகுப்பாய்வில் முதல் ஆண்டை அடிப்படை ஆண்டாகக் கொள்கிறோம். ஒவ்வொரு இனத்திலும் அந்த ஆண்டுத் தொகைதான் 100. பின்வரும் ஆண்டுகளின் தொகையை அதோடு ஒப்பிட்டால், அந்த இனம் காலப்போக்கில் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று தெரியும்.

| விவரம் | பொது அளவு % ஆண்டு 1 | ஆண்டு 2 | ஆண்டு 3 | போக்கு, ஆண்டு 3 |
|---|---|---|---|---|
| விற்பனை வருவாய் | 100 | 100 | 100 | 140 |
| இதர வருமானம் | 1 | 1 | 4 | 560 |
| மூலப்பொருள் செலவு | 60 | 61 | 64 | 149 |
| பணியாளர் செலவு | 15 | 15 | 15 | 140 |
| வட்டி | 3 | 4 | 6 | 280 |
| தேய்மானம் | 4 | 4 | 4 | 140 |
| இதர செலவுகள் | 10 | 10 | 5 | 70 |
| வரிக்கு முந்தைய லாபம் | 9 | 7 | 10 | 156 |

இப்போது கடைசி நெடுவரிசையில் விற்பனையின் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 140. அதுதான் அளவுகோல். பணியாளர் செலவும் தேய்மானமும் அதே 140-இல் நிற்கின்றன. விற்பனையோடு சேர்ந்தே நகர்ந்ததால் அவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. விலகி நிற்பவை நான்கு: இதர வருமானம் 560, வட்டி 280, மூலப்பொருள் 149, இதர செலவுகள் 70.

போக்கு எண் மட்டும் சில நேரம் ஆளை ஏமாற்றும். 560 என்றதும் பெரிய அதிர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் அடிப்படை ஆண்டில் அந்தத் தொகை வெறும் 5 லட்சம். சிறிய தொகை கொஞ்சம் கூடினாலும் எண் எகிறிவிடும். அதற்கு நேர்மாறாக, மூலப்பொருளின் 149 என்பது விற்பனையின் 140-க்குப் பக்கத்தில் சாதுவாக நிற்கிறது. ஆனால் நூற்றுக்கு 60 ஆக இருந்த செலவு 64 ஆகிவிட்டது. 700 லட்சம் விற்பனையில் அந்த 4 சதவீதம் 28 லட்சம் ரூபாய். இதனால்தான் இரண்டு அட்டவணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று வேகத்தைக் காட்டும். மற்றது எடையைக் காட்டும்.

லாபத்தைப் பிரித்துப் பார்த்தால்

இனி முக்கியமான கேள்வி. மூலப்பொருளும் வட்டியும் சேர்ந்து முன்பைவிட அதிகம் தின்கின்றன. முதல் ஆண்டில் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 63. மூன்றாம் ஆண்டில் 70. அப்படியானால் லாபம் சரிந்திருக்க வேண்டும். அதுவோ 9-இலிருந்து 10 சதவீதமாக ஏறியிருக்கிறது. எப்படி?

முதல் இரண்டு ஆண்டுகளின் வழக்கத்தை மூன்றாம் ஆண்டுக்கும் பொருத்திப் பாருங்கள். இதர வருமானம் விற்பனையில் 1 சதவீதமாகவே இருந்திருந்தால் 7 லட்சம்தான் வந்திருக்கும்; வந்ததோ 28. கூடுதல் 21 லட்சம். இதர செலவுகள் 10 சதவீதமாகவே இருந்திருந்தால் 70 லட்சம் ஆகியிருக்கும், காட்டியிருப்பதோ 35. மிச்சம் 35 லட்சம். இரண்டையும் கூட்டினால் 56 லட்சம். ஆக, 70 லட்சம் லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்த இரண்டு வரிகளிலிருந்து வந்திருக்கிறது. இவற்றை வழக்கமான அளவில் வைத்தால் மிஞ்சும் லாபம் 14 லட்சம். விற்பனையில் 2 சதவீதம். லாபம் வளர்ந்ததாகத் தோன்றிய நிறுவனத்தின் அன்றாடத் தொழில் உண்மையில் மெலிந்துகொண்டிருக்கிறது.

இதர செலவுகள் பாதியானதற்கு நல்ல காரணமும் இருக்கலாம்: வாடகைக் கட்டடத்தை விட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் விற்பனை 40 சதவீதம் வளர்ந்த காலத்தில் சரக்குக் கட்டணம், மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் ரூபாய்க் கணக்கிலேயே குறைவது எளிதில் நடக்காது. ஆண்டு இறுதியில் வந்த பில்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கலாம். அல்லது செலவாக எழுத வேண்டியதைச் சொத்தாக எழுதியிருக்கலாம்.

வேர்ல்ட்காம் காட்டிய பாடம்

கடைசியாகச் சொன்ன வழிக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம். பிற நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்த அது கொடுத்த கட்டணமே அதன் மிகப்பெரிய செலவு. 2001 தொடங்கி ஐந்து காலாண்டுகளில் அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் வைத்தார்கள். சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைக் கண்டுபிடித்தது. 2002 ஜூன் 25 அன்று நிறுவனமே சுமார் 380 கோடி டாலர் தவறாகக் கணக்கிடப்பட்டதை ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே திவால் மனு தாக்கல் செய்தது.

நம் பாடத்துக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளியிட்ட கணக்கில் அந்தத் தடக் கட்டணம் வருவாயில் ஏறக்குறைய 42 சதவீதமாகவே நின்றது. தொலைத்தொடர்புத் துறை முழுவதும் நெருக்கடியில் இருந்த காலம் அது. உண்மை விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாற்றத்தை மட்டும் தேடியிருந்தால் பொது அளவு அறிக்கையில் எதுவும் பிடிபட்டிருக்காது. நகர்ந்திருக்க வேண்டிய விகிதம் நகராமல் நிற்பதும் வழக்கத்துக்கு மாறானதுதான். இதைக் கண்டுபிடிக்க, அதே துறையின் பிற நிறுவனங்களையும், சொத்துப் பட்டியல் ஏன் திடீரென்று வீங்கியது என்பதையும் பார்க்க வேண்டும்.

விடையை எழுதும் முறை

ஒவ்வொரு கருத்திலும் நான்கு செய்தி இருந்தால் போதும்: எது நகர்ந்தது, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டால் அது வழக்கத்துக்கு மாறானது, காரணம் எதுவாக இருக்கலாம். இருக்கும் கணக்கு காரணத்தைச் சொல்லாது. ஆகவே ‘இருக்கலாம்’ என்று எழுதி, எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சேர்ப்பதே முறை. நம் கணக்குக்கு விடை இப்படி அமையலாம்:

“மூன்று ஆண்டுகளில் விற்பனை 40% உயர, வரிக்கு முந்தைய லாபம் 56% உயர்ந்துள்ளது. ஆனால் இந்த உயர்வு தொழிலிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. (1) இதர செலவுகள் விற்பனையில் 10%-இலிருந்து 5%-ஆகக் குறைந்துள்ளன; விற்பனை வளரும்போது தொகையே 60 லட்சத்திலிருந்து 35 லட்சமாகியுள்ளது. செலவு விடுபட்டதா, சொத்தாக மாற்றப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். (2) இதர வருமானம் 6 லட்சத்திலிருந்து 28 லட்சமாகியுள்ளது. சொத்து விற்பனை போன்ற ஒருமுறை வரவாக இருக்கலாம். (3) மூலப்பொருள் செலவு 60%-இலிருந்து 64%-ஆகியுள்ளது. கொள்முதல் விலை ஏற்றமோ விற்பனை விலைக் குறைப்போ காரணமாகலாம். (4) வட்டியின் போக்கு எண் 280, கடன் கூடியிருக்கலாம். முதல் இரண்டும் வழக்கமான அளவில் இருந்தால் லாபம் விற்பனையில் சுமார் 2% மட்டுமே.”

வட்டியைப் பற்றி இன்னும் ஒரு வாக்கியம் சேர்க்க இடமிருந்தால் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள். கடன் முழுவதும் இயந்திரத்துக்குப் போயிருந்தால் தேய்மானமும் துள்ளியிருக்கும். அது 140-இலேயே நிற்பதால், பணம் தேங்கிய சரக்கிலோ வராத பாக்கியிலோ முடங்கியிருக்கிறதா என்று இருப்புநிலைக் குறிப்பில் பார்க்கச் சொல்லலாம்.

மதிப்பெண்ணைக் கெடுக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். இதர செலவுகளின் போக்கு எண் இரண்டாம் ஆண்டில் 120. மூன்றாம் ஆண்டில் 70. உடனே ‘50% குறைந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 50 அடிப்படை ஆண்டைச் சார்ந்த புள்ளிகள். முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் 60 லட்சம் 35 லட்சமானது 41.7% குறைவு. அதேபோல் மூலப்பொருள் 60%-இலிருந்து 64% ஆனதை ‘4 சதவீதப் புள்ளி’ என்றுதான் எழுத வேண்டும்; செலவுத் தொகை 4% கூடியதாக எழுதினால் பொருளே மாறிவிடும். அடிப்படை ஆண்டில் ஓர் இனம் நட்டமாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் போக்கு எண் போடாதீர்கள். தொகையை மட்டும் சொல்லுங்கள்.

தேர்வறையில் அட்டவணையை முடித்ததும் பேனாவைக் கீழே வைத்து, விற்பனையின் போக்கு எண்ணைப் பாருங்கள். அதிலிருந்து அதிகம் விலகிய இனங்களைப் பென்சிலால் குறியுங்கள். அவற்றில் லாபத்தைத் தாங்கிப் பிடிப்பது எது என்று கண்டுபிடித்து, அதை விடையின் முதல் கருத்தாக எழுதுங்கள்.