மாநாட்டு உரைகளைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ஆசிரியர்களுக்கான ஒருநாள் மாநாடொன்று. உரைகளுக்கு 8 இடங்கள். வந்த முன்மொழிவுகளோ 30. தெரிவு முடிந்ததும் "தெரிந்தவர்களுக்கே கொடுத்தார்கள்" என்ற பேச்சு எழாமலிருக்க வேண்டுமானால், வேலை விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்க வேண்டும்.

படிவம் சுருக்கமாக இருக்கட்டும். தலைப்பு, 150 சொற்களில் சுருக்கம், கேட்பவர் எதைக் கற்றுக்கொண்டு போவார் என்ற ஒரு வரி, வருவதற்கு வசதியான நேரம் ஆகியவை போதும். கூகுள் படிவத்தில் கோப்பு இணைக்கச் சொன்னால், கூகுள் கணக்கு இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே சுருக்கத்தைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெயரும் பாடசாலையும் மதிப்பீட்டாளரின் கண்ணில் படக்கூடாது. அந்த நிரல்களை மறைத்து வைத்தால் மட்டும் போதாது, திருத்தும் அனுமதி உள்ள எவரும் அவற்றைத் திறந்துவிடலாம். இலக்கமிட்ட தனிப் பிரதியொன்றைக் கொடுப்பதே நல்லது.

இனிப் புள்ளியிடல். மூவர் மதிப்பிடுகிறார்கள், ஒவ்வொரு முன்மொழிவையும் இருவர் வாசித்து 5க்குப் புள்ளியிடுகிறார்கள். விடைத்தாள் திருத்திய எவருக்கும் தெரியும், எல்லோருடைய கையும் ஒன்றல்ல. முதலாமவரின் சராசரி 4.2, இரண்டாமவருடையது 3.4, மூன்றாமவருடையது 2.6 என்று வைத்துக்கொள்வோம். 7ஆம் முன்மொழிவுக்கு முதல் இருவரும் தலா 4 இட்டார்கள், சராசரி 4. 19ஆம் முன்மொழிவுக்கு இரண்டாமவர் 4, மூன்றாமவர் 3, சராசரி 3.5. மேலோட்டமாகப் பார்த்தால் 7 தான் முன்னுக்கு நிற்கிறது. ஆனால் தாராளமானவர் தனது வழமையை விட 0.2 குறைத்தே அதற்குக் கொடுத்திருக்கிறார், இரண்டாமவர் 0.6 கூட்டியிருக்கிறார். சராசரி வித்தியாசம் கூட்டல் 0.2. 19க்கோ 0.6, 0.4 என இருவருமே தமது வழமையை விடக் கூட்டியுள்ளார்கள், சராசரி 0.5. உண்மையில் முந்துவது 19 தான்.

முன்மொழிவுகளைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். பலவீனமானவை எல்லாம் ஒருவரிடமே போயிருந்தால், அவரது குறைந்த சராசரி கண்டிப்பைக் காட்டாது. ஒரே முன்மொழிவுக்கு ஒருவர் 5, மற்றவர் 1 கொடுத்திருந்தால் சராசரியை நம்பாமல் இருவரையும் பேச வையுங்கள். பெரும்பாலும் ஒருவர் தலைப்பையே வேறாக விளங்கியிருப்பார்.

பதில் அனுப்புவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் ஏற்பும் மறுப்பும் அனுப்பிவிட்டு, பிறகு ஏற்றவர்களில் இருவர் வர முடியாது என்றதும் மறுத்தவரிடமே போய் நிற்பது சங்கடம். முதல் 8 பேருக்கு ஏற்புக் கடிதம் அனுப்பி, 7 நாட்களுக்குள் உறுதிப்படுத்தக் கேளுங்கள். அடுத்த 4 பேருக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதையும், முடிவு கிடைக்கும் திகதியையும் சொல்லிவிடுங்கள். ஏனைய 18 பேருக்கு அன்றைக்கே மறுப்பு. இடம் கிடைக்காது என்று தெரிந்தவரைக் காக்க வைப்பதில் என்ன நியாயம்?

எட்டுப் பேரும் உறுதிப்படுத்தும் வரை நிகழ்ச்சி நிரலை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நேரம் ஒதுக்கும்போது தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவரைக் காலை 9 மணிக்குப் போட வேண்டாம்; ஒரே பாடத்தைப் பற்றிய இரு உரைகளை ஒரே வேளையில் இரு மண்டபங்களில் வைக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமையானால், ஜும்ஆவுக்கு முந்திய உரை குறித்த நேரத்தில் முடியாது என்று கணக்கிட்டு அதன் பின்னால் 15 நிமிடமாவது வெறுமையாக விடுங்கள்.